தள்ளிப்போட்ட கையெழுத்து

எங்கள் வங்கிக் கிளையில் இறந்துபோனவர்களின் கணக்கை முடித்துக் கொடுப்பது என் வேலை. பதினாறு வருஷமாகச் செய்கிறேன். யாராவது அழுதால் பொறுத்துக்கொள்வேன். பேப்பரை மறந்துவிட்டு வந்தால் மட்டும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த அம்மா மூன்று முறை மறந்துவிட்டு வந்தார்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை அவருக்கு. வயது நாற்பத்தாறு. கல்யாணம் ஆகவில்லை, தாய் தகப்பனும் இல்லை. இருந்த ஒரே அண்ணனும் மாரடைப்பில் போய்விட்டார். அண்ணன் கல்யாணத்தின்போது ஏதோ வாய்த்தகராறு. அன்றிலிருந்து பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

முதல் நாள் அண்ணியும் ஒன்பது வயது மகளும் கூடவே வந்தார்கள். அண்ணி என் மேஜையில் டெபாசிட் ரசீதை வைத்துவிட்டு, "பொண்டாட்டி நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். இவங்க கையெழுத்து எதுக்கு மேடம்?" என்று கேட்டார்.

"உங்க வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட டெபாசிட் இது. நாமினின்னு தங்கச்சி பேரைக் குடுத்திருக்கார். அப்புறம் மாத்தவே இல்ல. அதனால பேங்க் அவங்க கையிலதான் குடுக்கும்."

"அப்போ பணம் அவங்களுக்கா?"

"இல்ல. அவங்க வாங்கி வாரிசுங்ககிட்ட குடுக்கணும். உங்களுக்கும் பொண்ணுக்கும்தான் உரிமை. நாமினி நடுவுல கை மாத்தி விடறவங்க, அவ்வளவுதான்."

கடைசி வார்த்தையைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, அடையாள அட்டையை எடுத்துவர மறந்துவிட்டதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் பாஸ்புக் இல்லை. அதற்கடுத்த வாரம் மறுபடி அடையாள அட்டை இல்லை, வீட்டில் எங்கேயோ வைத்துவிட்டாராம். ஒவ்வொரு முறையும் அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருப்பார். சின்னப் பெண் மட்டும் அத்தையை ஒட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அளப்பாள்.

மூன்றாம் முறை அண்ணி போன் பேச வெளியே போயிருந்தார். அத்தைக்காரி குழந்தையின் கலைந்த சடையைப் பின்னிவிட, பையிலிருந்து சீப்பை எடுத்தார். சீப்போடு அடையாள அட்டையும் வந்து தரையில் விழுந்தது. நான் பார்த்துவிட்டேன்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். "பணத்தை அமுக்கலாம்னு பாக்கறீங்களா? உங்க அண்ணி கோர்ட்டுக்குப் போனா நீங்கதான் மாட்டிக்குவீங்க."

"ஐயோ, பணம் எனக்கு எதுக்கு மேடம்? ரெண்டு ஷிப்ட் பாத்துட்டு வந்தா வாங்கிப் போட்ட சோத்தைத் தின்னக்கூட தெம்பு இருக்காது." புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். "புதன்கிழமை ஆனா அண்ணி போன் பண்றாங்க. 'நாளைக்கு வர்றீங்களா'ன்னு கேக்கறாங்க. கோவமாத்தான் கேக்கறாங்க, இருந்தாலும் கேக்கறாங்கல்ல? எங்க அண்ணன் இருந்தவரைக்கும் இந்தப் புள்ள மூஞ்சியையே நான் பாத்ததில்ல. கையெழுத்தைப் போட்டுட்டா அப்புறம் எதுக்கு மேடம் என்னைக் கூப்பிடப் போறாங்க?"

சட்டம் கேட்டால் சொல்லுவேன், இது சட்டமில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது. ஆனால் வெட்கத்தை வைத்துக்கொண்டு கோப்பை மூட முடியாது. "குழந்தைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும்மா," என்று மட்டும் சொன்னேன். அவர் அட்டையை நீட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அண்ணியிடம், பைக்குள்ளேயே இருந்திருக்கிறது, கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அண்ணி நம்பினாரோ இல்லையோ, கேட்கவில்லை.

நான்கு நாளில் பணம் அந்த அம்மாவின் கணக்கில் ஏறியது. மறுநாளே மூவரும் வந்தார்கள். அத்தைக்காரி எழுத்துக் கூட்டிப் படித்து, பணம் மாற்றும் படிவத்தைத் தானே நிரப்பினார். பாதி அண்ணியின் கணக்குக்கு, பாதி குழந்தை பேரில். வட்டிச் சில்லறையைக்கூடத் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

அண்ணி கையைக் கூப்பி, "ரொம்ப நன்றிங்க," என்றார். முன்பின் தெரியாதவர்களிடம் சொல்கிற மாதிரிதான் இருந்தது. குழந்தை அத்தையின் கையைப் பிடித்து ஆட்டி, "அத்தை, அடுத்த வாரம் என்னிக்கு வரணும்?" என்று கேட்டாள்.

"இனிமே வர வேண்டியதில்லடி. வேலை முடிஞ்சிடுச்சு," என்று அண்ணி அவளை இழுத்துக்கொண்டு நடந்தார். குழந்தை கதவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அந்த அம்மா என் மேஜை முன்னாலேயே நின்றார். "மேடம், வேற ஏதாவது பேப்பர் பாக்கி இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

கோப்பை ஒருமுறை புரட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது.

"இல்லம்மா," என்றேன்.