கரண்டியில் நிற்க வேண்டிய குழம்பு

கொல்லிமலையில் ஒரு துரை பங்களாவில் நானும் என் மனைவியும் சமையல் வேலை பார்த்தோம். ஒரு கப் சாற்றுக்கு ஒரு டீஸ்பூன் கார்ன்ஃபிளவர் மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கொதிக்கவிட்டால் சூப். ஒரு மேசைக்கரண்டி என்றால் சாஸ். எங்கள் கறிக்குழம்புக்கு மட்டும் அவள் இரண்டு மேசைக்கரண்டி கேட்பாள்.

"கரண்டியில நிக்கோணுங்க, ஓடப்படாது."

பிரசவத்துக்கு அவள் பேளுக்குறிச்சித் தாய்வீட்டுக்குப் போன மறுநாள், துரைசாணியின் சூப்புக்கு என் பாழாய்ப்போன கை அந்த இரண்டு மேசைக்கரண்டியைப் போட்டுவிட்டது. கிண்ணம் திரும்பி வந்தது. வேறு சூப் வைத்துக் கொடுத்துவிட்டு, கெட்டியானதைச் சாமைச் சோற்றில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஓடல, பாரு புள்ள" என்றேன், எதிரே அவள் உட்காரும் பலகையிடம்.