பூட்டுக்கு இரண்டு சாவி

அம்சாவின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் மிச்சம். மற்ற மூன்றையும் திண்டிவனத்தில் மயிலம் சாலையில் இருந்த மல்லாட்டை மில் எடுத்துக்கொண்டது.

ஐம்பத்தேழாம் வருஷத்து நிலக்கடலை அறுவடைக் காலம் அது. தோல் உடைக்கும் மிஷினுக்கு மேலே ஒரு தொட்டி. அதில் கொட்டும் மல்லாட்டை உள்ளே சுழலும் இரும்புச் சட்டங்களில் அடிபட்டு, தோல் வேறாகவும் பருப்பு வேறாகவும் சல்லடை வழியே இறங்கும். தொட்டியின் வாய்க்கு ஒரு கம்பி வலை இருந்தது. மழையில் நனைந்த காய் வலையில் அடைத்துக்கொள்கிறது, வேலை தாமதமாகிறது என்று முதலாளி சுப்பராயலு அதைக் கழற்றிவிடச் சொன்னார். மேஸ்திரி சின்னக்கண்ணு கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்தார்.

மில்லுக்கு ஒரே மோட்டார்தான். அது கூரைக்குக் கீழே ஷாப்ட் என்ற நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றும். ஷாப்ட்டிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு பெல்ட் இறங்கும். மிஷினில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சக்கரங்கள். ஒன்று மிஷினோடு சேர்ந்து சுற்றுவது, மற்றது சும்மா சுற்றுவது. மிஷினை நிறுத்த வேண்டுமானால் ஒரு கட்டையால் பெல்ட்டைச் சும்மா சுற்றும் சக்கரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் தள்ளினார்கள். மிஷின் நின்றது. அடைத்துக்கொண்ட ஈரக்காயை எடுக்க அம்சா தொட்டிக்குள் கையை விட்டாள். மேலே ஷாப்ட் ஓடிக்கொண்டேயிருந்தது. பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து பழைய சக்கரத்தின் மேல் தானாகவே ஏறிக்கொண்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி வந்தபோது கல்யாணப் பேச்சு நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வானூர்ப் பக்கம். "கை இல்லாத பொண்ணு நாத்து எப்படி நடும்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

கடலூரிலிருந்து பாக்டரி இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். கம்பி வலையைத் திரும்ப மாட்டச் சொன்னார். பெல்ட்டைச் சுற்றி இரும்பு வேலி போடச் சொன்னார். மோட்டார் சுவிட்சுக்குப் பூட்டு வேண்டும், புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றும் எழுதிவைத்துவிட்டுப் போனார். சொல்லிக்கொடுப்பதற்கு ஆள் யார் என்ற பேச்சு வந்தபோது முதலாளிக்கு யோசனை தோன்றியது.

"அம்சாவையே சொல்லச் சொல்லுய்யா. அந்தக் கையப் பாத்தா எவனுக்கும் பயம் வரும்" என்றார் குமாஸ்தா சீனுவாசனிடம்.

சீனுவாசன் ஒன்றரைப் பக்கம் எழுதினார். அம்சாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும். அவர் வாசிக்க வாசிக்க அவள் மனப்பாடம் செய்தாள். அதில் முதல் வாக்கியம், 'என்னுடைய கவனக்குறைவால் நான் விரல்களை இழந்தேன்' என்பது.

"வலையக் கழட்டுனது நான் இல்லீங்களே, ஐயா" என்றாள்.

"அது எனக்குத் தெரியாதா, அம்சா? இப்படிச் சொன்னாத்தான் உனக்கு இங்க வேல" என்றார் அவர். அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டார்.

அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். அம்சா ஒத்துக்கொண்டாள். மற்ற நாட்களில் களத்தைப் பெருக்குவாள், தொழிலாளருக்குத் தண்ணீர் எடுத்து வைப்பாள். சீசன் தொடங்கி ஆட்கள் புதிதாக வரும்போது மில்லுக்குள் சுவிட்சுப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசுவாள். அந்த முதல் வாக்கியத்தை எச்சிலைத் துப்புவதுபோல வேகமாகச் சொல்லி முடித்துவிடுவாள். மற்றதை நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். வருஷங்கள் போகப்போக அது சீனுவாசன் எழுதிய தமிழாக இல்லை, அவளுடைய பேச்சாக மாறிவிட்டது.

"இந்த வல தொட்டி மேல இருக்கணும். இந்த வேலி பெல்ட்ட சுத்தி இருக்கணும். மிஷினு ஓடும்போது எவன் சொன்னாலும் கழட்டக் கூடாது. மேஸ்திரி சொன்னாலும் கூடாது. பொடவத் தலப்ப இழுத்துச் சொருவிக்குங்க, துண்டு தோள்ல தொங்க வேணாம். அடச்சிக்கிச்சின்னா பெல்ட்ட தள்ளி உட்டுட்டு கைய உடாதீங்க. பெல்ட்டு தானா திரும்பி வந்துடும். எனக்கு அப்படித்தான் வந்துச்சு. மோட்டாரயே நிறுத்தணும். நிறுத்துனவுடனே நின்னுடாது, ஷாப்ட்டு கொஞ்ச நேரம் சுத்திக்கினுதான் இருக்கும். அது நிக்கிற வரைக்கும் நில்லுங்க. அப்புறம் இந்த சுவிட்சுக் கைப்பிடியக் கீழ தள்ளி, இந்த ஓட்டையில பூட்டு போடணும். பீஸ் கட்டையக் கழட்டி வெச்சுக்கணும், அப்பத்தான் கரண்டு வராது. சாவி உள்ள எறங்குறவன் மடியில இருக்கணும். அடுத்தவன்கிட்ட குடுத்துட்டு எறங்கக் கூடாது. ஸ்டார்ட்டரத் தட்டிப் பாருங்க. மோட்டாரு சுத்தலன்னாத்தான் கைய உடணும். முடிச்சப்புறம் எல்லாரும் வெளிய வந்துட்டாங்களான்னு பாத்து, வலைய மாட்டிட்டு, பூட்டுனவன்தான் தெறக்கணும்."

அறுபத்திரண்டாம் வருஷம் சேர்ந்தவர்களில் முருகையன் என்று ஒருவன் இருந்தான். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் கரும்பு ஆலையில் பெல்ட் வேலை பழகியவன். மனைவி பாஞ்சாலியோடும் பிள்ளைகளோடும் ரயிலடிக்குப் பக்கத்தில் குடிசை போட்டிருந்தான். பெல்ட் தைக்கவும் பேரிங்குக்கு எண்ணெய் போடவும் அவனைச் சேர்த்திருந்தார்கள். அம்சா பேசி முடித்ததும் அவன் பூட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யக்கா, திண்டுக்கல் பூட்டு வாங்குனா ரெண்டு சாவி தருவானே. இன்னொண்ணு எங்க?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அம்சா நேராக சீனுவாசனிடம் போனாள்.

"முதலாளி வூட்டு இரும்புப் பெட்டியில இருக்குது. இன்ஸ்பெக்டரு சொன்னபடிதான்" என்றார் அவர்.

அம்சா திரும்பி வந்து முருகையனிடம் சொன்னாள்: "அது முதலாளி பெட்டியில பூட்டி வெச்சிருக்குது. இங்க ஒரே சாவிதான். அது உன் மடியில இருக்கிற வரைக்கும் எவனும் மோட்டார ஓட்ட முடியாது."

"அது போதும்க்கா" என்றான் முருகையன்.

தை மாதத்தில் வண்டி வண்டியாகச் சரக்கு வந்து இறங்கியது. விழுப்புரம் ஜங்ஷனில் பருப்பு ஏற்ற ரயில் வாகன் நின்றது. அதை நிறைக்க முதலாளி துடித்துக்கொண்டிருந்தார். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியோடு ஒருவன் சாப்பிடப் போய்விட்டால் மில்லே நின்றுவிடுகிறது என்று சின்னக்கண்ணு புலம்பினார். முதலாளி பெட்டியைத் திறந்து இரண்டாவது சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தார். "ஜல்தியா வேல நடக்கட்டும்" என்றார். இது அம்சாவுக்குத் தெரியாது. முருகையனுக்கும் தெரியாது.

ஒரு மத்தியானம் பருப்பை மேலே தூக்கும் வாளிச் சங்கிலியின் பெல்ட் அறுந்தது. அந்தச் சங்கிலி தரைக்குக் கீழே ஒரு குழியிலிருந்து கிளம்பும். முருகையன் மோட்டாரை நிறுத்தினான். ஷாப்ட் நிற்கும்வரை காத்திருந்தான். சுவிட்சைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டான். ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்த்தான். பீஸை மட்டும் கழற்றவில்லை. பூட்டுத்தான் இருக்கிறதே என்று விட்டிருக்கலாம். பெல்ட்டைத் தைத்துச் சக்கரத்தில் மாட்டிவிட்டு, வாளியைச் சரிசெய்யக் குழிக்குள் இறங்கினான்.

சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் வெளியே போனார்கள். சாப்பிட்டு முதலில் திரும்பிய சின்னக்கண்ணு, பெல்ட் தைத்து மாட்டியிருப்பதைக் கண்டார். முருகையன் வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான், வழக்கம்போலப் பூட்டை மறந்துவிட்டான் என்று நினைத்தார். "முருகையா" என்று ஒரு குரல் கொடுத்தார். வெளியே வண்டி மாடுகளின் சத்தம். குழிக்குள் அது கேட்டதோ இல்லையோ. தன்னிடமிருந்த சாவியால் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டு மோட்டாரைக் கிளப்பினார்.

அலறல் கேட்டு அம்சாதான் முதலில் ஓடினாள். ஒன்றும் புரியாமல் நின்ற சின்னக்கண்ணுவைத் தள்ளிவிட்டுச் சுவிட்சைக் கீழே இழுத்தாள். முருகையனை மாட்டு வண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது. வேட்டி மடிப்பில் சாவி முடிந்தபடியே இருந்தது.

இன்ஸ்பெக்டர் முதலாளி மேல் வழக்குப் போட்டார். முதலாளியின் வக்கீல் அம்சாவைச் சாட்சியாகக் கூப்பிட்டார். முந்தின நாள் சீனுவாசன் அவள் வீட்டுக்கே வந்தார்.

"நீ பொய் சொல்ல வேணாம், அம்சா. அவனுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தேன்னு மட்டும் சொல்லு. பீஸக் கழட்டச் சொன்னேன், அவன் கழட்டலன்னு சொல்லு. அது நெசந்தானே?"

"நெசந்தாங்க" என்றாள் அம்சா.

திண்டிவனம் கோர்ட்டில் வக்கீல் அவளிடம், "புதுசா வர்றவங்களுக்குச் சொல்றத அப்படியே சொல்லு" என்றார். அவள் சொன்னாள். கவனக்குறைவு வாக்கியத்தையும் சொன்னாள், வலையைச் சொன்னாள், வேலியைச் சொன்னாள், பூட்டைச் சொன்னாள், பீஸைச் சொன்னாள். வக்கீல் திருப்தியோடு உட்காரப் போனார்.

"இன்னும் முடியலீங்க" என்றாள் அம்சா. மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொரு சாவி எங்கன்னு அவுரு கேட்டாருங்க. நான் போய் விசாரிச்சேன். முதலாளி பெட்டியில இருக்குதுன்னு எனக்குச் சொன்னாங்க. ஒரே சாவிதான், எவனும் ஓட்ட முடியாதுன்னு நான் அவுருகிட்ட சொன்னேன். நம்பி எறங்குனாரு. அந்தச் சாவி மேஸ்திரிகிட்ட இருந்திருக்குது. என் வெரலு போனது என் கவனக்கொறவாலன்னு அஞ்சு வருசமா சொல்லிக்கினு இருக்கேன். அதுவும் பொய்யிங்க. முதலாளி சொல்லித்தான் வலையக் கழட்டினாங்க."

வக்கீல் எழுந்து கத்தினார். மாஜிஸ்ட்ரேட் எழுதிக்கொண்டார். சின்னக்கண்ணு தலை குனிந்திருந்தார்.

அபராதம் விதித்தார்கள். முதலாளி அதைக் கட்டிவிட்டுக் கோர்ட்டு வாசலிலேயே வண்டியேறிப் போய்விட்டார். சின்னக்கண்ணுவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர் யாரிடமும் பேசுவதில்லை, கண் சரியாகத் தெரியாதவர்போலச் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறார் என்று சொன்னார்கள். அம்சாவை அடுத்த நாள் மில் வாசலில் காவற்காரன் தடுத்தான். அவள் எதிர்பார்த்ததுதான்.

அவள் பாஞ்சாலியைப் பார்க்கப் போனாள். கோர்ட்டில் உண்மையைச் சொன்னவள் என்று ஊரில் பத்துப் பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் போனாள். பாஞ்சாலி குடிசை வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"ராத்திரி வந்து சொன்னாரு, அம்சாக்கா நல்லா சொல்லித் தர்றாங்க, அந்த மில்லுல பயமில்லன்னு. இப்ப வந்து இன்னா சொல்லப் போற?"

"அந்தச் சாவி கைமாறுனது எனக்குத் தெரியாதும்மா, பாஞ்சாலி."

"தெரியாதத ஏன் சொன்ன?"

அம்சா வந்த வழியே திரும்பினாள்.

பிறகு அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவித்த மல்லாட்டை விற்றாள். இடது கையால் படியில் அளந்து போடுவாள். அடுத்த சீசன் தொடங்கியபோது மில்லுக்குப் போகும் பெண்கள் கும்பலாக அவளைத் தாண்டிப் போனார்கள். கூட்டத்தில் பாஞ்சாலி போய்க்கொண்டிருந்தாள்.

அம்சா கூடையை விட்டுவிட்டு ஓடிப்போய் வழியை மறித்தாள். "எம்மா, அங்கயா போற? அந்த மில்லுக்கா?"

"வேற எந்த மில்லு இருக்குது இந்த ஊருல? முதலாளிதான் கூப்புட்டு வேல குடுத்தாரு. புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா, நீ போடுவியா?"

"உள்ள எறங்கச் சொன்னா எறங்காத. வல இல்லாத தொட்டியில கைய உடாத. ரெண்டு சாவியும் கண்ணுல பாத்தப்புறம்..."

"வழிய உடு" என்றாள் பாஞ்சாலி. "நேரமாவுது. லேட்டா போனா கேட்டச் சாத்திடுவான்."

அம்சா வழியை விட்டாள். பெண்கள் புடவைத் தலைப்பைச் சொருகாமல் உதறித் தோளில் போட்டுக்கொண்டு மயிலம் சாலைக்குள் திரும்பி மில்லுக்கு நடந்தார்கள்.