சத்தமோ அதிர்வோ

திண்டிவனம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரே அறையில் நானும் என் கணவரும் தொழில் பண்ணுகிறோம். நான் வக்கீல், அவர் பத்திரம் எழுதுபவர். வீட்டில் எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் கிடையாது. சண்டையெல்லாம் ஆபீஸில்தான், அதுவும் ஜோடிச் சொற்களைப் பற்றித்தான்.

அவருடைய பத்திரத்தில் எந்தச் சொல்லும் தனியாக வராது. ஒருவர் சம்மதித்தால் கூடவே ஒப்புக்கொள்ளவும் வேண்டும். இங்கிலீஷ் பத்திரமானால் 'நல் அண்ட் வாய்ட்' இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது. இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தானே, செல்லாது என்று ஒரு தடவை சொன்னால் அது செல்லாமல் போகாதா என்று கேட்பேன். இங்கிலாந்துக் கோர்ட்டில் ஒரு காலத்தில் இரண்டு மூன்று மொழி புழங்கியதால், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்து எழுதிப் பழகிவிட்டார்கள் என்று எனக்குக் காலேஜில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "இருந்துட்டுப் போவட்டுமே, சோறா கேக்குது?" என்பார் அவர்.

ஜோடியில் ஒன்றை நான் சும்மா வெட்டுகிறவள் இல்லை, பார்த்துத்தான் வெட்டுவேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உள்வாடகைக்கு விடுவது வேறு, உரிமையை அப்படியே இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பது வேறு. அங்கே இரண்டு சொல்லும் வேண்டும். வில்லங்கம் என்றால் சொத்தின் மேலிருக்கும் அடமானம் மாதிரி பாரம், வியாஜ்யம் என்றால் கோர்ட்டு வழக்கு. அதிலும் கை வைக்க மாட்டேன். இப்படி எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் சிவப்புப் பேனாவோடு திரிந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த அக்கா வந்தார். தன் வீட்டு மாடியில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவர். ஜவுளிக்கடைக்கும் விழுப்புரம் பஸ்ஸுக்கும் ஓடுகிற அம்மாக்கள் காலையில் அவரிடம்தான் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். கீழ்த்தளம் காலியாக இருந்ததால் மைக் செட் வாடகைக்கு விடும் ஒருவர் கடைக்குக் கேட்டிருந்தார். மூன்று வருஷக் குத்தகை. அக்காவுக்கு ஒரே ஒரு கவலை, மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை பிள்ளைகள் தூங்கும் நேரம். மைக் செட்டுக்காரர் அதற்கு உடனே ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷர், குரலே மெதுவாகத்தான் வரும்.

என் கணவர் வழக்கம்போல் எழுதினார்: அந்த நேரத்தில் குத்தகைதாரர் எவ்விதச் சத்தமோ அதிர்வோ ஏற்படுத்தக் கூடாது. நான் வழக்கம்போல் பேனாவை எடுத்தேன். சத்தம் இருந்தால்தானே அதிர்வு, சத்தத்தை நிறுத்தினால் அதிர்வும் நின்றுவிடும், இதுவும் ஒரு ஜோடிதான் என்று 'அதிர்வோ'வை அடித்தேன். அக்கா எட்டிப் பார்த்து, அது என்ன, வேண்டாமா என்று கேட்டார். "ரெண்டும் ஒண்ணுதாங்க்கா" என்றேன். அவர் தலையாட்டினார். பத்திரம் பதிவாகிவிட்டது. அந்தப் பத்திரம் முழுக்க ஜோடிகளை வெட்டி ஒன்றேகால் பக்கம் மிச்சம் பிடித்தேன் என்று அன்று வீட்டில் பீற்றிக்கொண்டது வேறு நினைவிருக்கிறது.

இரண்டே மாதத்தில் அக்கா திரும்ப வந்தார். பிள்ளைகள் தூங்குவதே இல்லையாம். ஒன்று எழுந்து அழுதால் அத்தனையும் எழுந்துவிடுகிறதாம். இரண்டு அம்மாக்கள் பிள்ளைகளை வேறு இடத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். இன்னும் மூன்று பேர் போய்விட்டால் காப்பகத்தை மூட வேண்டியதுதான் என்றார். அழவில்லை, ஆனால் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மைக் செட்டுக்காரரைக் கூப்பிட்டோம். பத்திர நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். ஒரு மணிக்கு மேல் சத்தமே வைப்பதில்லை என்றார். கல்யாண சீசன், இரவுக்குப் போகும் ஸ்பீக்கர் பெட்டிகளை மதியம்தான் சோதிக்க முடியும். அதையும் சவுண்டைக் குறைத்து, ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் செய்கிறாராம். "வாசல்ல வந்து நின்னு பாருங்க மேடம், தெருவுல போறவனுக்கே கேக்காது. சத்தம் கூடாதுன்னு போட்டீங்க, நான் சத்தம் வைக்கல."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "நீங்க ஒரு தபா எங்க மாடிக்கு வந்து படுத்துப் பாருங்க" என்றார்.

மறுநாள் மதியம் போனேன். மைக் செட்டுக்காரர் கீழே வழக்கம்போல் பெட்டிகளை ஓடவிட்டு மேலே வந்தார். காதுக்கு உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறிச் சத்தம்தான். பிள்ளைகள் வரிசையாகப் பாயில் கிடந்தார்கள். ஓரத்தில் காலியாக இருந்த பாயில், புடவையைச் சரிசெய்துகொண்டு நானும் படுத்தேன்.

முதுகுக்குக் கீழே தரை தும் தும் என்று அடித்தது. காது வழியாக வரவில்லை, முதுகெலும்பு வழியாக வந்தது. நான் அடித்த சொல் அதுதான் என்று உடனே தெரிந்தது. வெட்கமாக இருந்தது, எழுந்துகொள்ளவே தோன்றவில்லை. பக்கத்தில் இருந்த சின்னப் பெண் கண்ணைத் திறந்து, இந்தப் பெரிய பாப்பா யார் என்பது போல் என்னைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

மைக் செட்டுக்காரர் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். "இது பேஸ்ங்க, பாட்டுல தும்முனு அடிக்கிற இடி. சவுண்டைக் கொறைச்சாலும் இது செவுத்துல ஏறி வந்துக்கினே இருக்கும். சத்தம் வேற, இது வேற. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

சத்தம் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது, திருத்தத்துக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் அக்காவின் கதி என்ன என்று எனக்குத் தெரியும். பதிவான பத்திரம், அவர் சம்மதம் இல்லாமல் ஒரு எழுத்தைக்கூட அதில் சேர்க்க முடியாது. அதனால் அவர் முன்னாலேயே உண்மையைச் சொன்னேன்: அந்தச் சொல் இருந்தது, நான்தான் அடித்தேன், அக்கா கேட்டபோதும் ஒன்றுதான் என்று சொன்னேன். அக்கா சின்னப் பெண்ணைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

மைக் செட்டுக்காரர் சேர்க்க ஒத்துக்கொண்டார். ஆனால் வெறுமனே அதிர்வு என்று போட்டால், வாசலில் லாரி போனாலும் தன் தலையில்தான் விழும், "என் சாமானாலன்னு சேருங்க" என்றார். நியாயம்தான். அவருக்கு அது ஒன்று போதும், ஜோடி வேண்டியதில்லை.

ஆபீஸுக்கு வந்து பிழைதிருத்தல் பத்திரம் தயார் செய்தோம். என் கணவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது. பிழை எப்படி நேர்ந்தது என்று எழுதும் இடத்தில், எல்லாருடைய பத்திரத்திலும் போடும் வாசகத்தைத் தட்டினார்: மேற்படி சொல் கைத்தவறுதலாகவும் கவனக்குறைவாகவும் விடுபட்டுவிட்டது.

தட்டிவிட்டு, சிவப்புப் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

நான் அந்த இரண்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒன்றில்லை. கைத்தவறுதல் என்றால் என் கையின் மேல் பழி போகும், நான் தப்பித்துக்கொள்ளலாம். என் கை தவறவில்லை, நல்ல நிதானத்தோடு நேராகக் கோடு போட்டது. அந்தச் சொல்லைக் கவனிக்காதது நான்தான். 'கைத்தவறுதலாகவும்' என்பதை அடித்தேன். 'கவனக்குறைவாக' என்பதை மட்டும் விட்டு வைத்து, பத்திரத்தை அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன்.