‘முடிஞ்சது’ என்று எழுதிய பதிவேடு

கணக்கு எனக்கு வரும் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. மாத்திரை எண்ணுகிறவள்தானே என்று யாராவது இளக்காரமாகப் பார்த்தால் அன்றைக்கு அவர்கள் தொலைந்தார்கள். ஒரகடம் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்தகப் பொறுப்பு எனக்கு. சுற்றிலும் கம்பெனிகள். அங்கே வேலை பார்க்கிறவர்கள் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றக்கூட நேரமில்லாமல், சூடான அச்சில் கையை வைத்துவிட்டு ஷிப்ட்டிலிருந்து நேராக வருவார்கள்.

அப்படி வரும் தீக்காயங்களுக்கு எங்களிடம் இரண்டு வழி இருந்தது. ஒன்று, பழைய வெள்ளைக் களிம்பு. விலை குறைவு, ஆனால் தினமும் வந்து கட்டு மாற்ற வேண்டும். இன்னொன்று, வெள்ளி கலந்த பஞ்சு மாதிரியான புதுக் கட்டு. ஒரு தடவை ஒட்டினால் நாலைந்து நாள் தொட வேண்டாம். ஆனால் அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். இருபது பேருக்குப் போட்டுப் பார்த்தோம். எதை வைத்துக்கொள்வது என்று மருந்துக் குழு முடிவெடுக்க வேண்டும், அதற்குக் கணக்கு போட்டுத் தர வேண்டியவள் நான்.

விலையை மட்டும் பார்த்தால் அது கணக்கே இல்லை. செலவழித்த பணத்துக்கு எத்தனை காயம் ஆறியது என்று பார்க்க வேண்டும். மூன்று வாரத்துக்குள் காயம் மூடினால் ‘ஆறியது’ என்று வைத்துக்கொண்டேன். அதைத் தாண்டினால் தழும்பு இறுகிவிடும் என்ற பயம் அதிகம். மருந்து, துணி, நர்ஸின் நேரம் எல்லாம் சேர்த்தால் களிம்பில் ஆளுக்கு மூவாயிரம், புதுக் கட்டில் நாலாயிரத்து ஐந்நூறு. களிம்பு போட்ட நாற்பது பேரில் முப்பத்திரண்டு பேருக்கு ஆறியிருந்தது. புதுக் கட்டு போட்ட இருபது பேரில் பதினெட்டு பேருக்கு.

அதாவது நூறு பேர் வந்தால் களிம்பில் எண்பது பேர் ஆறுவார்கள், புதுக் கட்டில் தொண்ணூறு பேர். அந்தப் பத்து பேருக்காக ஒன்றரை லட்சம் கூடுதல் செலவு. கூடுதலாக ஆறும் ஒவ்வொரு காயத்துக்கும் பதினைந்தாயிரம்.

தலைமை டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, “பதினஞ்சாயிரமா? அந்தப் பணத்துக்கு எமர்ஜென்சியில எத்தனையோ வாங்கலாமேம்மா. களிம்பே இருக்கட்டும்” என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கேள்வி கேட்க முடியாத மாதிரி கணக்கு போட்டிருக்கிறேன் என்று உள்ளுக்குள் குளிர்ந்துகூடப் போனேன்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் இருக்கும். மருந்தக ஜன்னலில் ஒரு பெண் வந்து வலி மாத்திரை கேட்டாள். தென்காசிப் பக்கத்துப் பேச்சு. பிளாஸ்டிக் பாகம் வார்க்கும் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, ஸ்ரீபெரும்புதூரில் ஆறு பேரோடு ஒரே அறை என்றாள். பணத்தை இடது கையால் நீட்டினாள். வலது கையில் பழைய சுடிதார் துணி சுற்றியிருந்தது.

“இது என்னம்மா கட்டு? யார் போட்டது?”

“நானேதாங்க்கா. இங்கதான் மொதல்ல களிம்பு போட்டாவ. நாலு நாளு வந்தேன். தெனமும் வந்தா ஷிப்ட்டு போயிரும்லா, சம்பளத்த புடிச்சிருவாவ. அதான் நின்னுட்டேன்.”

துணியைப் பிரிக்கச் சொன்னேன். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைப் பக்கம் மடங்கி நின்றன. நீட்டச் சொன்னேன். நீட்டத்தான் பார்த்தாள், வரவில்லை. ஐயோ என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். உடனே டாக்டரிடம் அனுப்பிவிட்டு, கட்டு மாற்றும் அறைக்குப் போய்ப் பதிவேட்டில் அவள் பெயரைத் தேடினேன். நாலு தேதி, அதற்கு நேராக ஒரே சொல், ‘முடிஞ்சது’.

அந்த அறையில் பதினைந்து வருடமாக இருக்கும் சிஸ்டர் பக்கத்து ஊரான வடக்குப்பட்டுக்காரர். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். “ஆறாத காயத்துக்கு எப்படி முடிஞ்சதுன்னு எழுதுனீங்க?”

அவர் துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை. “பின்ன இன்னான்னு எழுதறது மேடம்? ஆறுனாலும் முடிஞ்சிது, வராம பூட்டாலும் முடிஞ்சிது. நம்ம வேலை முடிஞ்சிதுல்ல? இத்தினி வருசமா அப்டித்தான் எழுதிகினு கீறோம். நீ என்னிக்கு வந்து கேட்ட?”

என்னுடைய முப்பத்திரண்டு பேரும் அந்தச் சொல்லிலிருந்து வந்தவர்கள்தான். மூன்று வாரத்துக்குள் ‘முடிஞ்சது’ எங்கே இருந்ததோ அதையெல்லாம் ‘ஆறியது’ என்று எண்ணியிருந்தேன். புதுக் கட்டு போட்ட இருபது பேரை மட்டும் விலை உயர்ந்த சாமானாயிற்றே என்று நானே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, காயத்தைப் பார்த்து எழுதியிருந்தேன். ஒரு பக்கம் கண்ணால் பார்த்தது, இன்னொரு பக்கம் காதில் விழுந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைத்த மகா கெட்டிக்காரி நான்.

சிஸ்டரும் நானும் உட்கார்ந்து பழைய பக்கங்களைப் புரட்டினோம். அந்த முப்பத்திரண்டில் பதினான்கு பேர் பாதியில் நின்றவர்கள். ஒவ்வொருவருக்கும் போன் போட்டோம். இரண்டு பேர் ஊருக்குப் போன இடத்தில் நன்றாக ஆறிவிட்டது என்றார்கள். எட்டு பேருக்கு மூன்று வாரத்தில் ஆறவில்லை, சீழ் வைத்து வேறு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் அதில் உண்டு. நாலு எண்கள் உபயோகத்திலேயே இல்லை. கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே காரணம் சொன்னார்கள், தினமும் வந்தால் கூலி போகும். நான் ஆஸ்பத்திரியின் பணத்தை மட்டும் எண்ணியிருந்தேன். அவர்கள் இழந்த ஷிப்ட்டை எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

கிடைக்காத நாலு பேரையும் ஆறாதவர்கள் என்று வைத்தால், நாற்பதில் இருபது பேர்தான் ஆறியிருக்கிறார்கள். நூற்றுக்கு ஐம்பது. புதுக் கட்டில் தொண்ணூறு. அதே ஒன்றரை லட்சத்துக்கு இப்போது நாற்பது பேர் கூடுதலாக ஆறுகிறார்கள், ஒரு காயத்துக்கு மூவாயிரத்து எழுநூற்றைம்பது. நாலு பேரையும் ஆறியவர்கள் என்றே வைத்தாலும் ஐயாயிரம்தான். எப்படிப் போட்டாலும் பதினைந்தாயிரம் வரவில்லை. அவர்கள் விட்ட கூலியைச் சேர்க்காமலே இவ்வளவு.

டாக்டரிடம் இரண்டு தாளையும் வைத்து, “முதல் கணக்கு தப்பு சார். தப்பு என்னோடது” என்றேன். அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் புதுக் கட்டையே வாங்கச் சொன்னார். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அந்த வாரமே புதுக் கட்டு வந்தது. பதிவேட்டில் சிஸ்டர் கையாலேயே இரண்டு கட்டம் போட்டோம். ‘ஆறிச்சு’, ‘வரல’. வராதவர்களுக்கு மறுநாளே போன் போக வேண்டும்.

எல்லோரும் நல்ல மாற்றம் என்றார்கள். நான் அந்தப் பெண் முதலில் வந்த தேதியைப் பதிவேட்டில் மறுபடி பார்த்தேன். அவள் வந்தது நாங்கள் களிம்பைத் தேர்ந்தெடுத்த பிறகு. என் தாள் சரியாக இருந்திருந்தால் முதல் நாளே அவளுக்குப் புதுக் கட்டு போட்டிருப்பார்கள். பதினைந்து தடவை வர வேண்டியவள் நாலு தடவை வந்தால் போதும். அந்த நாலு தடவை அவள் வந்துதான் இருந்தாள்.

விரலுக்கு ஆபரேஷன் வேண்டும், பாதிதான் நீளும் என்றார் டாக்டர். எழுதிக் கொடுத்த தழும்புக் களிம்பை வாங்க மறுபடி ஜன்னலுக்கு வந்தாள். கம்பெனியில் லைன் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள், ஊருக்குப் போகிறேன் என்றாள். நடந்த தப்பை அவளிடம் சொன்னேன். கணக்கு, பதிவேடு, எல்லாவற்றையும். என்னைக் கண்டபடி திட்டட்டும் என்றுதான் சொன்னேன்.

கையெழுத்துப் போட பில்லை நகர்த்தினேன். பேனாவை வலது கையில் பிடித்துப் பார்த்தாள், நழுவியது. இடது கைக்கு மாற்றிக் கோணல்மாணலாக எழுதிக்கொண்டே சொன்னாள்.

“விடுங்கக்கா. அதான் முடிஞ்சதுல்லா.”