ஒரு நாள் காயட்டும்

குவாயாகில் நகரில் எங்கள் ஹார்டுவேர் கடைக்குப் பசை வாங்க யார் வந்தாலும், என்னோடு வேலை பார்க்கும் எர்லிண்டா மூன்று கேள்வி கேட்பாள். "எதுல ஒட்டணும்? தண்ணி படுமா? எத்தனை மணி நேரம் காயவிடுவீங்க?"

"ஷவர் ஓரத்துக்கு அந்த நிமிஷப் பசையே போதும் செனோரா" என்று ஒருவன் வந்தால், "ஈரத்துல விட்டுடும். சிலிக்கோன் எடு. பழச சுரண்டி, துடைச்சு, காயவச்சுப் பூசு. ஒரு நாள் தண்ணி படக்கூடாது" என்பாள்.

அவள் வீட்டு ஷவர் மட்டும் பதினொரு வருடமாக ஒழுகியது. ஒரே குளியலறை, ஆறு பேர்; யார் உள்ளே போனாலும் வெளியிலிருந்து யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். "ஒரு நாள் எவன் குளிக்காம இருப்பான்?" என்று அவள் கணவன் வில்மர் எங்கள் எதிரிலேயே கத்துவான். பிறகு பிள்ளைகள் ஒவ்வொருவராக ஸ்பெயினுக்குப் போனார்கள். மார்ச்சில் வில்மர் இறந்தான். எர்லிண்டா மறுவாரமே வேலைக்கு வந்தாள், அழவில்லை. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

போன வெள்ளிக்கிழமை அவளே ஒரு சிலிக்கோன் டியூப் எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை கேட்டேன்.

"ஒழுகறது நின்னுச்சாடி?"

"தெரியல. இன்னும் தண்ணி திறக்கல."

"ஒரு நாள் போதும்னு நீதானே எல்லாருக்கும் சொல்லுவ?"

"போதும்தான்" என்றாள். "ஆனா கதவத் தட்டத்தான் யாரும் இல்லையே."