செகரெட்டரி வீட்டுக் கசிவு

பெரம்பலூரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியின் சங்கத்துக்கு நான்தான் செகரெட்டரி. யாரும் என்னைக் கெஞ்சிக் கூப்பிடவில்லை. பொதுக்கூட்டத்தில் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "என்னங்க இது, பொண்ணு பார்க்க வந்தப்ப உட்கார்ற பொண்ணு மாதிரி தலை குனிஞ்சிருக்கீங்க? நான் பார்க்கிறேன்" என்று எழுந்தேன். வாய் கொஞ்சம் நீளம், அது ஊரறிந்த விஷயம்.

எனக்கு முன்னால் இருந்தவர் புகார்களை ஞாபகத்திலேயே வைத்திருந்தார். அதாவது மறந்துவிடுவார். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் மோட்டார் ஓடவில்லை என்று எழுதுவார். அதன்மேல் பத்துப் பேர் காலை வணக்கம் போட்டு மூடிவிடுவார்கள். நான் வந்ததும் செல்போனில் ஒரு ஷீட் திறந்தேன். புகார் எண், தேதி, வீட்டு எண், விஷயம், பார்ப்பவர் யார், நிலை. நிலையில் மூன்றே சொல்தான்: பதிவு, நடக்கிறது, முடிந்தது. மெயிலில் வந்தாலும் குரூப்பில் வந்தாலும் அன்றைக்கே ஏற்றி, எண்ணைப் பதிலாக அனுப்பிவிடுவேன். ஷீட்டை எல்லாரும் பார்க்கலாம், கை வைக்க முடியாது. புகார் கொடுத்தவர் சொன்னால் மட்டுமே 'முடிந்தது' என்று மாற்றுவேன். ஆறே மாதத்தில் குரூப்பில் சண்டை பாதியாகக் குறைந்தது. பெருமையாகத்தான் சொல்கிறேன், அதிலென்ன கூச்சம்?

ஒரு நாள் காலை அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் கீழ்வீட்டு அக்காவிடமிருந்து தனியாக ஒரு படம் வந்தது. கூரையில் ஈரத் திட்டு. பாலை இறக்கிவிட்டுத் திரும்பினால், படம் அழிக்கப்பட்டிருந்தது. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மீன்சுருட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். அதிர்ந்து பேசத் தெரியாதவர்கள். நான் நேராகக் கீழே போனேன்.

"என்னக்கா, அனுப்புறீங்க, அழிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லைங்க, கை தவறிப் போயிருச்சு."

உள்ளறைக்குள் நுழைந்தேன். கட்டிலைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, நடுவில் வாளி வைத்திருந்தார். சொட்டு, சொட்டு. அண்ணாந்து பார்த்தேன். அதற்கு நேர் மேலே எங்கள் வீட்டுக் குளியலறை.

"எத்தனை நாளாக்கா இப்படி?"

"அது ஆச்சுங்க. ஒங்க வூட்டுத் தண்ணியாச்சே. நீங்கதான் செகரெட்டரி, ஒங்க மேலயே எப்படிங்க எழுதறது?"

எனக்கு வந்ததே கோபம்! "செகரெட்டரி வூட்டுத் தண்ணி மட்டும் பன்னீரா? எழுதுறதுக்குத்தானே ஷீட்டு வச்சிருக்கேன்?"

அப்புறம்தான் அவர் கண் கலங்கிச் சொன்னார். மகளுக்குத் தலைப்பிரசவம். திருச்சி ஆஸ்பத்திரியில் குழந்தை நாளுக்கு முன்னாலேயே பிறந்து, எடை ஏறும்வரை தாயையும் பிள்ளையையும் அங்கேயே வைத்திருந்தார்கள். அப்புறம் இந்த அறைக்குத்தான் கூட்டி வர வேண்டும். சம்பந்தியம்மா வந்து பார்த்துவிட்டு, "ஈர வாடை அடிக்கிற ரூம்ல பச்சைப்புள்ளைய எப்படிப் போடுறது? சரியாகலன்னா நாங்க சென்னைக்கே கூட்டிட்டுப் போயிடறோம்" என்று சொல்லிவிட்டாராம். "நான் பெத்தவ இருந்து என்னங்க புண்ணியம், மகளுக்கு ஒரு பத்தியச் சோறு ஆக்கிப்போட முடியலன்னா?" என்றார்.

மேலே வந்து முதல் வேலையாக ஷீட்டில் ஏற்றினேன். கீழ்வீட்டு உள்ளறையில் கசிவு, காரணம் செகரெட்டரி வீடு. 'பார்ப்பவர்' என்ற இடத்தில் கை நின்றது. என் மேல் வந்த புகாரை நானே பார்ப்பது எந்த ஊர் நியாயம்? எதிர்வீட்டு பேங்க் சாரின் பெயரைப் போட்டேன். அவர் எல்லாவற்றுக்கும் மெயில் அனுப்புகிறவர். அவர் வீட்டுக் கசிவுக்காக ஒரு காலத்தில், குளியலறையையே பூட்டச் சொல்லி நான் அவரை ஆட்டிவைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்தவர், செல்போனைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "நம்ம வூட்டு ஓட்டைய நாமளே தண்டோரா போடணுமா? சத்தமில்லாம ஆளைக் கூப்பிட்டு அடைச்சிட்டுப் போயிருக்கலாம்ல?"

"அடுத்தவங்க வூடுன்னா தண்டோரா, நம்ம வூடுன்னா சத்தமில்லாமயா?" என்றேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அரை மணி நேரத்தில் பேங்க் சார் மெயில் வந்துவிட்டது. "தாங்கள் வகுத்த விதிப்படி, பழுது நீங்கும்வரை குளியலறையைப் பயன்படுத்தக் கூடாது." மனுஷன் எவ்வளவு நாள் காத்திருந்தாரோ!

அரியலூரிலிருந்து ஒரு பிளம்பர் வந்தார். தண்ணீர் போகும் வாயைத் துணியால் அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி, துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்துவிட்டார். மறுநாள் அக்கா வீட்டுக் கூரையில் நீலத் திட்டு. பேங்க் சார் டார்ச் அடித்துப் பார்த்து, "சந்தேகமே இல்ல மேடம், ஒங்க தரைதான்" என்று கல்யாணச் சேதி சொல்வதுபோலச் சொன்னார். தரைக் கல்லைப் பெயர்த்து, நீர் புகாத பூச்சுப் பூசி, மறுபடி தண்ணீர் கட்டிப் பார்த்தோம். கீழே புதிதாக ஒரு சொட்டு இறங்கவில்லை. கல்லைப் பதித்தோம்.

வேலை முடிந்த அன்றே அக்கா அனுப்பினார்: "முடிஞ்சதுங்க. ரொம்ப நன்றிங்க."

விரல் 'முடிந்தது' மேல் போய்விட்டது. ஆனால் மனசு ஒப்பவில்லை. கூரை இன்னும் காயவே இல்லை. இவர் எங்கே காய்ந்ததென்று பார்த்தார்? கஷ்டம் கொடுக்கக் கூடாதென்றே முடிந்தது என்று சொல்கிறவர். நான் போட்ட விதி வாயுள்ளவர்களுக்கான விதி, இவரைப் போன்றவர்களுக்கு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. நிலையை 'நடக்கிறது' என்றே விட்டேன். கீழே போய், "அக்கா, நீங்க எனக்கு நல்லது செய்யணும்னா தெனமும் கூரையப் பாருங்க. ஈரம் இருந்தா குரூப்புலயே போடுங்க, என் மானம் ஒண்ணும் கப்பலேறிடாது" என்றேன். அவர் சிரித்தாரே தவிர, சரி என்று சொல்லவில்லை.

நாங்கள் மறுபடி அங்கே குளிக்க ஆரம்பித்தோம். சில நாள் போயிற்று. அக்கா மகளை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும் நாளுக்கு முந்தின நாள் வந்தது; சம்பந்தியம்மாவும் கூடவே வருவதாக இருந்தது. அன்று காலை குரூப்பில், எல்லாரும் பார்க்க, கீழ்வீட்டிலிருந்து வந்தது:

"செகரெட்டரி மேடம், செவத்தோரம் புதுசா ஈரம் இருக்கு. நாளைக்குப் புள்ள வருது. இன்னைக்கே பார்த்துக் குடுங்க."

அழித்துவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அழிக்கவில்லை. என் மேலேயே வந்த புகாருக்கு இப்படிச் சந்தோஷப்பட்ட செகரெட்டரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிளம்பருக்குப் போன் போட்டு, உடனே அரியலூரில் பஸ் ஏற வைத்தேன். இந்த முறை தரை இல்லை. சுவருக்குள் போகும் சுடுதண்ணீர்க் குழாயின் இணைப்பில் கசிவு. குழாயைத் திறந்து குளித்தால்தான் கசியும், அதனால் தரையில் கட்டி வைத்த தண்ணீரில் தெரியாமல் தப்பித்திருக்கிறது. சுவரை உடைத்து இணைப்பை மாற்றினார். பேங்க் சார், யாரும் கேட்காமலே, தன் வீட்டு மின்விசிறியைத் தூக்கி வந்து அக்கா வீட்டில் அந்த ஈரத்தைப் பார்த்து வைத்தார்.

மறுநாள் சம்பந்தியம்மா அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். நீலக் கறை அப்படியே இருந்தது. உள்ளுக்குள்ளும் நன்றாகக் காயாமல் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று விட்டிருந்தோம்.

"இன்னும் ஈரமா இருக்குதுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "அது கறைங்க, ஈரம் இல்ல. ஸ்டூல் மேல ஏறித் தொட்டுப் பார்த்துட்டேன். மறுபடி ஒரு சொட்டு விழுந்தா மேல் வூட்டு மேடத்தை நான் சும்மா விட மாட்டேன். எம்பொண்ணு இங்கதான் இருப்பா."

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். குழந்தையைக் கட்டிலில் போட்டார்கள்.

பத்து நாள் கழித்து அக்கா ஒரு படம் அனுப்பினார், குரூப்பிலேயே. காய்ந்தபின் பெயிண்ட் அடித்த கூரை வெறும் வெள்ளையாக இருந்தது. கீழே எழுதியிருந்தார்: "நானே தொட்டுப் பார்த்துட்டேன். இப்ப போடுங்க, முடிஞ்சதுன்னு."

போட்டேன்.