ஒரே காகிதத்தில் என் தொண்டை

அந்த நாட்களில் திருத்தணி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, புளியமரத்தடியில் உட்கார்ந்து பத்திரமும் மனுவும் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுவதை விட வாசிப்புதான் பெரிய வேலை. எழுதியதைக் கட்சிக்காரர்களுக்குத் தமிழிலும் தெலுங்கிலும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். பக்கத்து மரத்தடிக்காரர் இன்னும் உரக்கப் படிப்பார். நான் விடுவேனா? ஆனி மாதம் என் குரல் கம்மியது. மாதங்கள் போயும் திரும்பவில்லை.

எங்கள் ஊர் டாக்டர் கொப்பளிக்க உப்புநீரும், தொண்டையில் தடவ ஒரு கறுப்பு மருந்தும் கொடுத்துப் பார்த்தார். ஐந்தாவது மாதம் கைவிட்டு, சென்னையில் காது மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே கூட்டம் அதிகம், பேச நேரம் இருக்காது. என்ன தொந்தரவு, எப்போது ஆரம்பித்தது, என்னென்ன மருந்து எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று ஒரே காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள் என்றார்.

எழுதுவதை எனக்குச் சொல்லித் தருகிறாரே என்று சிரித்துக்கொண்டேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். ‘மகாகனம் பொருந்திய டாக்டர் துரையவர்கள் சமூகத்துக்கு அடியேன் சாஷ்டாங்கமாய் விண்ணப்பிக்கும் மனு யாதெனில்’ என்று தொடங்கி, என் வம்சம், ஆஸ்தி, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தது எல்லாம் வந்தன. ‘அடியேன் கண்டத்தில் நேர்ந்த உபாதை’ கடைசிப் பத்தியில் வந்தது. என்றைக்கு ஆரம்பித்தது என்பது வரவில்லை.

என் மனைவி அதைப் படித்தாள். தாள்களை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அரக்கோணத்துக் கம்பவுண்டர் மருந்த மூணு மாசமா குடிச்சிகினு கீறீங்களே, அத எழுதலியா?”

எழுதவில்லை. எழுதவும் மாட்டேன் என்றேன். ஊர் டாக்டருக்குத் தெரியாமல் வாங்கிய மருந்து அது. அவர் காதுக்குப் போனால் என் கௌரவம் என்னாவது? மூக்குப்பொடி போடுவதையும் அதே காரணத்துக்காகத்தான் எழுதாமல் விட்டிருந்தேன்.

 நான் குளிக்கப் போன நேரத்தில் கடைசித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்துவிட்டாள். ரயிலில், மணவூர் தாண்டியபோதுதான் பார்த்தேன்.

‘ஆனி முதல் குரல் கம்மல். கத்திப் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தேவலை. ஆவணி முதல் சீசா மருந்து, தினம் மூன்று வேளை ஒரு பெரிய கரண்டி. புரட்டாசி முதல் வாயில் பித்தளை ருசி, மூக்கில் நீர், தொண்டை எரிச்சல், தாடைக்கு அடியில் வீக்கம். அதற்கு முன் இவை இல்லை. பொடி உண்டு. ஜுரம் இல்லை, இளைக்கவில்லை, சளியில் ரத்தம் இல்லை.’

அடியில், சீசாவில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் எழுத்துகளை, அந்த மொழி தெரியாதவள், அப்படியே பார்த்து வரைந்திருந்தாள். அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அழிக்க ரப்பர் இல்லை.

சென்னை டாக்டர் கடைசித் தாளின் முன்பக்கத்தில் இரண்டு வரி பார்த்தார்.

“தொண்டையக் கண்டம்னு எழுதியிருக்கீங்க. ஜோசியருக்கு எழுதினதா?”

பிறகு தாளைத் திருப்பினார். பின்பக்கத்தை இரண்டு முறை படித்தார். நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, நீண்ட காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை விளக்கில் சூடு காட்டி உள்ளே விட்டு, ‘ஈ’ என்று சொல்லச் சொன்னார். சமூகத்துக்கு விண்ணப்பித்தவன் ஆடு போலக் கத்தினேன்.

குரல் நாண்கள் இரண்டிலும் சின்னக் காய்ப்பு இருக்கிறது, கத்திக் கத்தி வந்தது, வாயை மூடினால் மறையும் என்றார். எரிச்சலும் வீக்கமும் மூக்கு நீரும் வேறு விஷயம். அவை நோயே அல்ல, சீசா மருந்தின் வேலை. வரைந்த எழுத்துகளில் விரலை வைத்து, பொட்டாசியம் அயோடைடு என்று படித்தார். இந்தத் தேதிகள் இல்லாமல் போயிருந்தால், எரிச்சலுக்கென்று இன்னொரு மருந்து எழுதியிருப்பேன் என்றும் சொன்னார்.

“பின்பக்கம் எழுதினது யாரு?”

வீட்டில் என்றேன், கிசுகிசுப்பாக.

“அடுத்த தடவை அவங்களையே எழுதச் சொல்லுங்க.”

சீசாவை நிறுத்தி இரண்டு வாரத்தில் பித்தளை ருசி போயிற்று, வீக்கமும் வடிந்தது. குரலுக்காக ஒரு மாதம் பேசக் கூடாது என்று உத்தரவு. என் கட்சிக்காரர்கள் பக்கத்து மரத்தடிக்குப் போனார்கள். வீட்டில் அவள் பேசினாள், நான் தலையாட்டினேன். அந்த மாதம் சீக்கிரம் போய்விட்டது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தை மாதம், குரல் திரும்பியபின், அரக்கோணம் போனபோது கம்பவுண்டரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, எரிச்சல் என்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், நடுவில் நிறுத்தியது என் தப்பு என்றார். பக்கத்தில், இருமிக்கொண்டிருந்த ஒருவர் அதே மருந்தில் இன்னொரு சீசா வாங்கிக்கொண்டு போனார்.